எஸ்க்ரோவில் நிற்கும் வீட்டுப் பணம்: எந்தத் தாள் வந்தால் விடுவிப்பார்கள்?

பத்திரம் பதிவாகிவிட்டது. சாவி கைமாறிவிட்டது. வாங்கியவர் புது வீட்டில் பால் காய்ச்சி முடித்துக் குடியும் வந்துவிட்டார். விற்றவருக்கு மட்டும் பணம் வரவில்லை. அந்தப் பணம் எங்கும் ஓடிப்போகவில்லை. ஒரு வங்கியில், எஸ்க்ரோ என்ற பெயரிலான கணக்கில், பைசா குறையாமல் இருக்கிறது. கேட்டால், "நிபந்தனை இன்னும் நிறைவேறவில்லை சார்" என்று பதில் வருகிறது.

வெளிநாட்டில் இருந்துகொண்டு சென்னையிலோ கோவையிலோ வீட்டை விற்பவர்கள் எஸ்க்ரோவை நாடுவதில் நியாயம் இருக்கிறது. முன்பின் தெரியாத இருவருக்குள் பெரிய தொகை கைமாற வேண்டும். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டபின் பணம் வருமா என்று விற்பவர் பயப்படுகிறார். பணம் கொடுத்தபின் பழைய கடன் தீர்ந்து பத்திரம் கைக்கு வருமா என்று வாங்குபவர் பயப்படுகிறார். அதனால் மூன்றாவது ஆளாக ஒரு வங்கி நடுவில் வருகிறது. மூவரும் கையெழுத்திடும் ஒப்பந்தம் ஒன்று எழுதப்படும். எந்த ஆவணம் வந்தால், எவ்வளவு பணம், எந்தக் கணக்குக்குப் போகும் என்று அதில் இருக்கும். வாங்குபவர் அந்தக் கணக்கில் பணத்தைப் போட்டுவிட்டால் அவராலும் தனியாக எடுக்க முடியாது, விற்பவராலும் முடியாது.

கட்டுநர்கள் தொடர்பாக ரியல் எஸ்டேட் சட்டம் சொல்லும் தனிக்கணக்கை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 2016ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி, வீடு வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைக் கட்டுநர் தனிக்கணக்கில் வைத்து, வேலை முடிந்த அளவுக்கு ஏற்ப, பொறியாளர், கட்டடக் கலைஞர், பட்டயக் கணக்காளர் மூவரின் சான்றோடு எடுக்க வேண்டும். அது சட்டம் விதித்த ஏற்பாடு. நாம் பேசுவது இரண்டு தனி மனிதர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் ஏற்பாடு. இதில் சட்டத்தைவிட ஒப்பந்த வாசகத்துக்குத்தான் வேலை அதிகம்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது வங்கியின் இடம். அது நீதிபதி இல்லை. யார் பக்கம் நியாயம் என்று அது விசாரிக்காது, விசாரிக்கவும் கூடாது. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் ஆவணம் எழுதியபடியே வந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். ஒரு சொல் பொருந்தாவிட்டாலும் பணத்தை விடாது. தவறாக விடுவித்தால் பொறுப்பு தன் தலையில் விழும், விடாமல் வைத்திருந்தால் பெரிதாக எதுவும் ஆகாது என்பது வங்கிக்குத் தெரியும். எனவே விற்பவர் ஒவ்வொரு நிபந்தனையைப் பார்க்கும்போதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தத் தாள் யார் கையிலிருந்து, எப்போது வரும்?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். எடுத்துக்காட்டுக்காக நான் அமைத்த கணக்குதான், ஆனால் இதில் வரும் சிக்கல்கள் எல்லாம் உண்மையில் நேர்பவை. வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடி வீடு. 2012இல் 50 லட்சத்துக்கு வாங்கியது, இப்போது 90 லட்சத்துக்கு விலை பேசியாகிவிட்டது. விற்பவர் துபாயில் இருக்கிறார், தம்பிக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டின் மேல் பழைய வங்கிக் கடன் 18 லட்சம் பாக்கி. வாங்குபவர் சொந்தப் பணம் 35 லட்சம் போடுகிறார், மீதி 55 லட்சத்துக்கு அவருடைய வங்கி வீட்டுக்கடன் தருகிறது. அந்த வங்கியும் கடன் தொகையை எஸ்க்ரோ கணக்குக்கே அனுப்பச் சம்மதித்துவிட்டது.

முதல் விடுவிப்பில் சிக்கல் இல்லை. பழைய வங்கியிடமிருந்து, இந்தத் தேதி வரை இவ்வளவு பாக்கி என்று நிலுவைக் கடிதம் வந்ததும் 18 லட்சம் விற்பவர் கைக்குப் போகாமல் நேராகக் கடன் கணக்குக்கே போனது. கடன் தீர்ந்து 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023இல் சொன்னது இங்கே உதவும். ஆவணங்கள் வந்தன. கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணமும் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவானது. ஏப்ரல் மாதம் கிரையப் பத்திரம் பதிவானது. வாங்குபவரின் வங்கி 55 லட்சத்தை எஸ்க்ரோவுக்கு அனுப்பியது. வரிப் பிடித்தம் 5.20 லட்சம் போக 66.80 லட்சம் விற்பவருக்கு வர வேண்டும். இந்த இடத்தில்தான் பணம் நின்றது.

ஒப்பந்தத்தில் இறுதி விடுவிப்புக்கு எழுதியிருந்தவை, படிக்கும்போது எல்லாமே சரியாகத்தான் தோன்றும். பதிவான அசல் பத்திரம் வாங்குபவரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். வில்லங்கம் ஏதுமில்லை என்று வில்லங்கச் சான்று வர வேண்டும். வரிப் பிடித்தச் சான்றிதழ் தாக்கல் செய்யப்பட வேண்டும். வாங்குபவருக்குத் திருப்தியாக வீடு சுவாதீனம் தரப்பட்டிருக்க வேண்டும். கடைசியாக, இருவரும் கையெழுத்திட்ட விடுவிப்புக் கடிதம் வர வேண்டும்.

அசல் பத்திரத்தில் தொடங்குவோம். கடன் வாங்கி வீடு வாங்குகிறவர் கையில் அசல் பத்திரம் தங்குவதில்லை. அது அவருடைய வங்கிக்குப் போய்விடும். கட்டடத்தைக் களப்பணியில் பார்க்க வேண்டியிருந்தாலோ, வழிகாட்டி மதிப்பு பற்றிக் கேள்வி எழுந்தாலோ, சார் பதிவாளர் அலுவலகத்திலிருந்து அசல் வெளியே வரவே நாளாகும். ஆக, "வாங்குபவரிடம் அசல் ஒப்படைப்பு" என்ற நிபந்தனை இந்த விற்பனையில் எழுதியபடி நிறைவேறவே முடியாது. பதிவு எண்ணோடு கூடிய சான்றிட்ட நகல் போதும் என்று எழுதியிருந்தால் விற்பவரின் தம்பியே போய் வாங்கி வந்திருப்பார்.

வில்லங்கச் சான்று இதைவிட நுட்பமான பொறி. தமிழ்நாட்டில் இது இரண்டு வகையாக வரும். குறித்த காலத்தில் அந்தச் சொத்தின் மேல் பதிவுகள் இருந்தால் அவற்றைப் பட்டியலிடுவது படிவம் 15. எந்தப் பதிவும் இல்லாவிட்டால் வருவது படிவம் 16. பேச்சு வழக்கில் "நில் ஈசி" என்பது படிவம் 16ஐத்தான். கிரையப் பத்திரம் பதிவான தேதியைச் சேர்த்துச் சான்று கேட்டால் படிவம் 16 எப்படி வரும்? அந்தக் கிரையமே ஒரு பதிவுதானே. வாங்குபவர் தன் கடனுக்காக உரிமை ஆவணங்களை ஒப்படைத்ததற்கான பதிவும் அதன் கீழேயே நிற்கும். பழைய கடனின் பதிவும், அது தீர்ந்த ரசீதின் பதிவும்கூடப் பட்டியலிலிருந்து மறையாது. தம்பி சான்றை எடுத்துக்கொண்டு எஸ்க்ரோ வங்கிக்குப் போனால் உரையாடல் இப்படித்தான் போகும்.

"சார், இதுல ஒரு அடமானம் காட்டுதே. ஒப்பந்தத்துல வில்லங்கமே இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"அது வாங்கினவரோட லோன் சார். நேத்து அவங்க பேங்க்கே பதிவு பண்ணினது. எங்க கடன் தீர்ந்த ரசீது மேலயே இருக்கு பாருங்க."

"புரியுது தம்பி. ஆனா நான் புரிஞ்சுக்கிட்டுப் பணம் விட முடியாது. வாசகத்தை மூணு பேரும் சேர்ந்து மாத்திக் குடுங்க."

அதிகாரி சொல்வதில் தவறில்லை. தவறு ஒப்பந்தத்தை எழுதியபோது நடந்தது. "விற்பவரோ அவருடைய கடன்காரரோ ஏற்படுத்திய, தீராத அடமானமோ கட்டுப்பாடோ வில்லங்கச் சான்றில் இருக்கக் கூடாது, வாங்குபவர் ஏற்படுத்தும் பதிவுகள் கணக்கில் வராது" என்று இரண்டு வாக்கியம் கூடுதலாக எழுதியிருந்தால் அதே சான்று அதே மேசையில் பணத்தை விடுவித்திருக்கும்.

அடுத்தது வரி. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். உள்நாட்டில் வசிப்பவர் 50 லட்சமோ அதற்கு மேலோ உள்ள சொத்தை விற்றால், வாங்குபவர் 1 சதவீதம் பிடித்துக் கட்டினால் போதும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்தக் கணக்கு செல்லாது. நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம், அதன்மேல் மேல்வரி, செஸ் எல்லாம் சேர்த்துப் பிடிக்க வேண்டும். குறைவாகப் பிடிக்கச் சொல்லி வருமான வரி அதிகாரியிடமிருந்து சான்று இல்லாவிட்டால், வாங்குபவர்கள் எச்சரிக்கையாக முழு விலைக்குமே இந்த விகிதத்தைப் பிடிப்பார்கள். நம் கணக்கில் 90 லட்சத்துக்கு 10 சதவீத மேல்வரியும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்தால் அது 14.3 சதவீதம், அதாவது 12.87 லட்சம். உண்மையான ஆதாயம் 40 லட்சம்தான். அதற்கு வரி 5 லட்சம், செஸ் சேர்த்து 5.20 லட்சம். நம் விற்பவர் முன்கூட்டியே விண்ணப்பித்துச் சான்று வாங்கியதால் 5.20 லட்சத்தோடு தப்பினார். சான்று வாங்காதவர்களுக்கு மீதி 7.67 லட்சம் வருமான வரித் துறையில் போய் நிற்கும். கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெற வேண்டும். பதிவுக்கு முன்பே இந்தச் சான்றை வாங்கிவிட வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்வேன். பதிவு நாளன்று இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், எவ்வளவு பிடிப்பது என்ற சண்டையிலேயே எஸ்க்ரோ உறைந்துவிடும்.

விகிதம் சரியாக இருந்தும் நம் விற்பவர் வரியிலேயே மாட்டினார். ஒப்பந்தம் கேட்டது வரிப் பிடித்தச் "சான்றிதழ்". வரியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்டிவிடலாம். சலான் அன்றே கிடைக்கும். ஆனால் சான்றிதழ், வாங்குபவர் காலாண்டுக் கணக்கைத் தாக்கல் செய்தபிறகுதான் வரும். ஏப்ரலில் பதிவான விற்பனைக்கு ஜூன் முடிய வேண்டும். தாக்கலுக்கு ஜூலை 31 வரை நேரம் உண்டு, சான்றிதழ் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை தள்ளலாம். யாரும் ஏமாற்றவில்லை, யாரும் தாமதிக்கவும் இல்லை. எல்லோரும் சட்டப்படி நடந்தே நான்கு மாதம் ஓடிவிடும். எஸ்க்ரோ பெரும்பாலும் நடப்புக் கணக்காக இருப்பதால் அந்த நான்கு மாதத்துக்கு வட்டியும் வராது. "வரி கட்டிய சலான் நகல்" என்று எழுதியிருந்தால் மே முதல் வாரத்தில் முடிந்திருக்கும். அதைவிட நல்லது, 5.20 லட்சத்தை எஸ்க்ரோவிலிருந்தே சலான் மூலம் கட்டிவிட்டு, மீதிப் பணத்தை அதற்காகக் காக்க வைக்காமல் விடுவிப்பது.

மீதமிருக்கும் இரண்டு நிபந்தனைகள்தான் எனக்கு மிகவும் உறுத்துபவை. "வாங்குபவருக்குத் திருப்தியாக" என்ற சொற்றொடர் பணத்தின் பூட்டை வாங்குபவர் சட்டைப்பையில் வைத்துவிடுகிறது. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, சங்கத்தில் ஏதோ பாக்கி இருக்கிறது என்று எதையாவது சொல்லி அவர் தள்ளிப்போடலாம். சுவாதீனத்தைத் தேதி, சாவிகளின் எண்ணிக்கை, மின் மீட்டர் அளவு குறித்த ஒரு கடிதமாக எழுதி, பதிவு நாளிலேயே இருவரும் கையெழுத்திட்டால் அதற்குமேல் திருப்தியைத் தேட வேண்டியதில்லை. சங்கப் பாக்கி, சொத்துவரி, மின் இணைப்புப் பெயர் மாற்றம் போன்றவற்றுக்கு ஒன்றிரண்டு லட்சத்தை மட்டும் தனியாக நிறுத்தி வைக்கலாம். 4,000 ரூபாய்க் குழாய்க்காக 66.80 லட்சம் நிற்கக் கூடாது.

கூட்டுக் கடிதம் ஒரு வழியாக இருக்கலாம், ஒரே வழியாக இருக்கக் கூடாது. வேலை முடிந்தபின் கையெழுத்துப் போட வாங்குபவருக்கு என்ன அவசரம்? விற்பவர் பக்கத்திலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. தம்பிக்குக் கொடுத்த பவரில் கிரையப் பத்திரத்தில் கையெழுத்திடவும் பதிவு செய்யவும் அதிகாரம் இருக்கும். எஸ்க்ரோ வங்கிக்கு விடுவிப்பு உத்தரவு தரும் அதிகாரம் பல பவர் பத்திரங்களில் எழுதப்படுவதே இல்லை. அப்போது அண்ணன் துபாயிலிருந்து கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும், அது வங்கியில் உள்ள மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போக வேண்டும். பணம் போய்ச் சேர வேண்டிய கணக்கும் வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக இருக்க வேண்டும். ஊரை விட்டுப் போகும்முன் வைத்திருந்த பழைய சேமிப்புக் கணக்கு எண்ணைக் கொடுத்தால் வங்கி நிறுத்திவிடும்.

இதற்கெல்லாம் மாற்று, ஆவணம் கொடுத்தபின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் வாசகம். குறித்த ஆவணங்களை விற்பவர் வங்கியில் தந்ததும் வங்கி வாங்குபவருக்கு அறிவிக்கும். 7 வேலை நாளுக்குள் எந்த நிபந்தனை நிறைவேறவில்லை என்று காரணம் காட்டி அவர் எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். ஆட்சேபம் வராவிட்டால் வங்கி பணத்தை விடுவிக்கும். வந்தால், ஆட்சேபத்துக்கு உரிய தொகையை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விடும். கடைசித் தேதி ஒன்றும் வேண்டும். அதையும் இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும். பதிவுக்கு முன் அந்தத் தேதி கடந்தால் பணம் வாங்குபவருக்குத் திரும்பலாம். பதிவு முடிந்தபின் எக்காரணம் கொண்டும் திரும்பக் கூடாது. பல மாதிரி ஒப்பந்தங்களில் இந்தப் பிரிவினை இல்லாமல், "90 நாளில் நிபந்தனை நிறைவேறாவிட்டால் பணம் செலுத்தியவருக்கே திரும்பும்" என்று மட்டும் இருக்கும். அப்படியானால் வீடும் பணமும் ஒரே ஆளிடம் போய்ச் சேரும்.

இதை மிகையாகச் சொல்லவில்லை. பணம் முழுதும் வரவில்லை என்பதற்காகப் பதிவான கிரையப் பத்திரத்தை ரத்து செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தஹிபென் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பத்திரம் பதிவானால் உரிமை போய்விட்டது. பாக்கிப் பணத்துக்கு வழக்குத் தொடரலாம், அவ்வளவுதான். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு விற்பவருக்கு ஒரு பாதுகாப்பும் தருகிறது. வராத விலைக்கு அந்தச் சொத்தின் மேலேயே அவருக்குப் பொறுப்புரிமை உண்டு. பணம் பாக்கி என்று தெரிந்தே பின்னால் வாங்குகிறவரையும் அது கட்டுப்படுத்தும். ஆனால் கிரையப் பத்திரத்தில் வழக்கமாக "விலை முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிவிடுகிறோம். பின்னால் வாங்குகிறவருக்குப் பாக்கி இருந்தது எப்படித் தெரியும்? எஸ்க்ரோவில் எவ்வளவு இருக்கிறது, எந்த ஒப்பந்தப்படி வர வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதினால் இந்த உரிமை உயிரோடு இருக்கும். வாங்குபவரின் வங்கி இதற்கு எளிதில் ஒத்துக்கொள்ளாது. தன் கடனுக்கு முன்னால் வேறொருவர் உரிமை நிற்பதை அது விரும்பாது. அந்த நிலையில் 55 லட்சத்தை எஸ்க்ரோவுக்கு அனுப்பாமல், வழக்கம்போலப் பதிவு மேசையிலேயே விற்பவர் பெயருக்கு டி.டி.யாக வாங்கிவிடுவதே நல்லது. எஸ்க்ரோவில் சொந்தப் பணத்தின் மீதி மட்டும் இருந்தால் மாட்டும் தொகையும் சிறிதாகும்.

ஏற்கெனவே பணம் மாட்டிக்கொண்டவர் என்ன செய்வது? தொலைபேசியில் கெஞ்சிப் பயனில்லை. ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு, எந்த ஆவணம் குறைகிறது என்று வங்கியிடம் எழுத்தில் பதில் கேட்க வேண்டும். அந்தப் பதில் வந்தால் பிரச்சினை மூன்றில் ஒன்றாகத் தெரியும். தாள் வர வேண்டிய நேரம் வரவில்லை, நம் சான்றிதழ் கதைபோல. அல்லது தாள் எழுதியபடி வரவே முடியாது, வில்லங்கச் சான்றுபோல. அல்லது வாங்குபவர் கையெழுத்துப் போட மறுக்கிறார். முதல் இரண்டுக்கும் மருந்து, மூவரும் கையெழுத்திடும் ஒரு பக்கத் திருத்த ஒப்பந்தம். நேர்மையான வாங்குபவர் இதற்கு மறுக்க மாட்டார். மறுத்தால் அது மூன்றாவது வகை என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது வகையில் வழக்கறிஞர் நோட்டீஸ்தான் தொடக்கம். நிறைவேறிய நிபந்தனைகளை ஆவண எண்களோடு அடுக்கி, குறித்த நாளுக்குள் கூட்டுக் கடிதம் தர வேண்டும் என்று கேட்க வேண்டும். நகல் எஸ்க்ரோ வங்கிக்கும் போக வேண்டும். தகராறு இருப்பது பதிவாகிவிட்டால் பணத்தை இன்னொரு பக்கம் விட வங்கி தயங்கும். ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புப் பிரிவு இருந்தால் அந்த வழியில் போகலாம். நடுவர் அமைவதற்கு முன்பே, பணம் வாங்குபவருக்குத் திரும்பாமல் இருக்க இடைக்கால உத்தரவை நீதிமன்றத்தில் கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. நடுவர் பிரிவு இல்லாவிட்டால் உரிமையியல் நீதிமன்றம்தான். வங்கியே பணத்தை நீதிமன்றத்தில் ஒப்படைத்து, "எனக்கு இதில் உரிமை இல்லை, இருவரில் யாருக்கு என்று நீங்களே சொல்லுங்கள்" என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 88ஆவது பிரிவின்படி வழக்குப் போடவும் முடியும்.

நம் வேளச்சேரிக் கணக்கில் வாங்குபவர் நல்லவர் என்றே வைத்துக்கொள்வோம். அசலுக்குப் பதில் சான்றிட்ட நகல், நில் ஈசிக்குப் பதில் விற்பவரின் கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 15, சான்றிதழுக்குப் பதில் சலான், திருப்திக்குப் பதில் கையெழுத்தான சுவாதீனக் கடிதம் என்று நான்கு இடத்தில் திருத்தினால் போதும். 66.80 லட்சத்தில் சங்கப் பாக்கிக்காக ஒரு லட்சத்தை நிறுத்திவிட்டு, 65.80 லட்சம் மே மாதமே துபாய்க்காரரின் என்.ஆர்.ஓ. கணக்கில் ஏறிவிடும். சங்கத்திலிருந்து பாக்கி இல்லை என்ற கடிதம் வந்ததும் அந்த ஒரு லட்சமும் பின்னால் போகும்.